ஒரே விலை, இரண்டு வேலிகள்

ஒரு பங்கு 19 நாட்களாக 100 ரூபாயிலேயே முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தினமும் 98-க்கு இறங்கி 102-க்கு ஏறி வருகிறது. போலிங்கர் பட்டை முடிவு விலைகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகின என்பதை மட்டுமே பார்க்கும். இங்கே விலகலே இல்லை. பட்டை கோடாகச் சுருங்கிவிடும். கெல்ட்னர் சேனல் ஒவ்வொரு நாளின் அலைச்சலையும் அளப்பதால், 4 ரூபாய் வீச்சை அது மறப்பதில்லை. இரு மடங்கு எடுத்தால் நடுக்கோட்டுக்கு மேலே 8, கீழே 8.

20-ஆம் நாள் விலை 105-க்கும் 111-க்கும் இடையே ஆடி 110-இல் முடிகிறது. முந்தைய முடிவு 100 என்பதால், இடைவெளியையும் சேர்த்து அன்றைய உண்மை வீச்சு 11. வெல்ஸ் வைல்டர் 1978-இல் தந்த 14 நாள் முறையில் 13 பழைய நாட்களும் இதைத் தணிக்கின்றன: சராசரி 4-லிருந்து 4.5 ஆகிறது. சேனல் 8-லிருந்து 9-க்கு நகர்கிறது, அவ்வளவுதான்.

போலிங்கரிலோ விலகல் வர்க்கமாக்கப்படுகிறது. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 95, அதில் 90.25 அந்த ஒரே நாளுடையது! பூஜ்யத்திலிருந்த அரை அகலம் ஒரே நாளில் சுமார் 4.36 ஆகிறது. 20 நாள் கழித்து அந்நாள் கணக்கிலிருந்து விழுந்ததும், சந்தை அசையாவிட்டாலும் பட்டை திடீரெனச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைச் சந்தை அமைதியாகிவிட்டதன் அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.