வேலிக்கு வெளியே ஒரு 9

தெரிந்த ஆசிரியை ஒருவர் மதிப்பெண் பதிவேட்டைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். வகுப்பு மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். படத்தைப் பார்த்து 15 பேரின் மதிப்பெண்களையும் ஏறுவரிசையில் எழுதினேன்:

9, 48, 52, 55, 58, 60, 61, 63, 66, 67, 70, 72, 74, 78, 96

நடுவில் நிற்கும் எட்டாவது எண் 63, அதுதான் இடைநிலை. அதற்குக் கீழே உள்ள ஏழு எண்களின் நடு 55, முதல் கால்மானம். மேலே உள்ள ஏழின் நடு 72, மூன்றாம் கால்மானம். இவற்றோடு சிறுமம் 9, பெருமம் 96. இந்த ஐந்து எண்களில் வகுப்பின் உருவம் வந்துவிடுகிறது.

எண்கோட்டின் மேல் 55 முதல் 72 வரை ஒரு பெட்டி, 63-இல் குறுக்குக் கோடு. வகுப்பின் நடுப்பாதி இந்தப் பெட்டிக்குள். இனி வேலி. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி தந்த விதி இது: பெட்டியின் நீளத்தை ஒன்றரையால் பெருக்கி, இருபுறமும் அவ்வளவு தூரம் தள்ளி வேலி போட வேண்டும். நீளம் 17, ஒன்றரை மடங்கு 25.5. கீழ்வேலி 29.5, மேல்வேலி 97.5. வேலியை வரைபடத்தில் வரைவதில்லை. பெட்டியிலிருந்து நீளும் மீசைக் கோடும் வேலிவரை போகாது; வேலிக்குள் இருக்கும் கடைசி மதிப்பெண்ணிலேயே நின்றுவிடும். இங்கே 48-லும் 96-லும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 9 மட்டும் வெளியே தனிப் புள்ளி.

புள்ளி விழுந்தால் அந்த எண்ணை அழித்துவிடக் கூடாது, மூலத்தைப் பார்க்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கினேன். தாளின் மடிப்பில் ஒரு 5 பாதி மறைந்திருந்தது. அது 59!

திருத்தி மறுபடி அடுக்கினேன். இடைநிலை அதே 63, மூன்றாம் கால்மானம் அதே 72. முதல் கால்மானம் மட்டும் 58 ஆனது. பெட்டி 14-ஆகச் சுருங்க, வேலிகளும் 37, 93 என்று நெருங்கி வந்தன. இப்போது 96 வெளியே! தவறாகப் படித்த ஒரு எண் பெட்டியை நீட்டி, இன்னொன்றை வேலிக்குள் வைத்திருந்திருக்கிறது. அதனால் ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட வேண்டும். 96 படத்தில் தெளிவாக இருந்தது. ஆசிரியை விடைத்தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார், சரி. நன்றாக எழுதிய பிள்ளையின் மதிப்பெண் அது. மேல் மீசை 78-இல் நிற்க, 96 புள்ளியாகவே இருக்கிறது.

அந்தப் பழைய 9-ஐ வைத்தே எக்செல்லில் `QUARTILE.INC` போட்டிருந்தால் கால்மானங்கள் 56.5, 71 என்று வந்திருக்கும், மேல்வேலி 92.75. அதாவது 96 அப்போதே வெளியே. கால்மானம் காண வழிகள் பல இருப்பதால், எந்த வழியில் கண்டது என்று வரைபடத்தின் அடியில் எழுதிக் கொடுத்தேன்.