30-க்கு 17 மார்க்... பவுலிங் கோச் தரும் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும்?

கிரிக்கெட் அகாடமியில் பயிற்சி எடுக்கும் 15 வயது வேகப்பந்து வீச்சாளருக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டெக்னிக் 6, கன்சிஸ்டன்சி 4, கேம் அவேர்னஸ் 7. கீழே ஒரு வரி: "லைன் அண்ட் லென்த் இன்னும் பழகணும்."

வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுவது 17 என்ற கூட்டுத்தொகைதான். ஆனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காரணம், ஒரு பிரிவில் இருக்கும் குறை இன்னொரு பிரிவின் மார்க்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

அந்த 4 எப்படி வந்தது?

ஸ்டம்ப்பிலிருந்து 6 முதல் 8 மீட்டர் தூரத்தில், ஆஃப் ஸ்டம்ப் லைனில் கோன் வைத்துக் கட்டம் போடுகிறார்கள். 4 ஓவர், 24 பந்து. நம்ம பையன் 10 பந்துகளைக் கட்டத்துக்குள் போட்டான். அதனால் 4 மார்க். கணக்கு சரிதான்.

இதையே ஓவர் வாரியாகப் பிரித்தால் 4, 4, 1, 1 என்று வருகிறது. முதல் 2 ஓவரில் 12-க்கு 8 போட்டவனுக்கு லைன் தெரியாது என்று எப்படிச் சொல்வது? தவறிய பந்துகள் எங்கே போயின என்றும் பார்க்கணும். பெரும்பாலானவை லெக் சைடில்.

வலது கை பவுலர் களைத்ததும், பந்தை விடும் நேரத்தில் தலை இடது பக்கம் சாயும், கை உடம்பின் குறுக்கே வரும், பந்து லெக் சைடு போகும். பின்னால் இருந்து செல்போனில் வீடியோ எடுத்தாலே இது தெரிந்துவிடும். ஆக, குறை டெக்னிக்கில். மார்க் குறைந்ததோ கன்சிஸ்டன்சியில்.

இங்கேதான் கவனம் தேவை. இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்த்தும் தோள் பக்கவாட்டிலும் இருந்தால் அது 'மிக்ஸட் ஆக்‌ஷன்'. வளரும் வயதில் கீழ் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வர இது ஒரு முக்கியக் காரணம். பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்க இடுப்பில் வலி, பின்னால் வளைந்தால் அதிகமாகிறது என்றால், "தசைப்பிடிப்புதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போகணும். இப்படிப்பட்ட பையனிடம் 'லைன் பழகு' என்று கூடுதலாக 10 ஓவர் போடச் சொல்வது ஆபத்து.

கேம் அவேர்னஸில் 7 வாங்கியிருக்கிறான், நல்ல விஷயம். ஆனால் அது விக்கெட்டைப் பார்த்துப் போட்ட மார்க்கா என்று கோச்சிடம் கேளுங்க. ஃபுல் டாஸில் பவுண்டரியில் கேட்ச் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். பந்து போடும் முன்பே "என்ன போடப் போற, ஏன்?" என்று கேட்டு, பதிலும் ஃபீல்டிங்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் போட்டால்தான் அது சரியான மார்க்.

அப்போ உருப்படியான குறிப்பு எப்படி இருக்கணும்? "மூன்றாவது ஓவரிலிருந்து தலை சாயுது. 3 வாரத்துக்கு 2 ஓவர் ஸ்பெல் மட்டும். பிறகு அதே 24 பந்து டெஸ்ட்."

அடுத்த முறை 4, 4, 3, 3 வந்தால் பிரச்சினை சரியாகிறது. 2, 2, 2, 2 வந்தாலும் பதற வேண்டாம். களைப்பில் விழும் அந்தச் சரிவு நின்றுவிட்டது. மாற்றிய ஆக்‌ஷன் இன்னும் கைக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.