கோட்டில் பட்டதா, வெளியே விழுந்ததா?

காலை ஆறரை மணி. கிளப்பின் சிமெண்ட் கோர்ட்டில் இரண்டு நண்பர்கள் ஆடுகிறார்கள். ஒருவர் வக்கீல், மற்றவர் டாக்டர். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இது நான் சொல்லும் கதைதான். ஆனால் நடுவர் இல்லாமல் டென்னிஸ் ஆடும் எந்த ஊரிலும் இது நடக்கும்.

மூன்றாவது செட், 4-4. வக்கீலின் சர்வ், 30-40. முதல் சர்வ் நெட்டில் விழுந்தது, இரண்டாவது சரியாக இறங்கியது. நாலைந்து அடிகளுக்குப் பிறகு வக்கீல் ஒரு பந்தை ஆழமாக, டாக்டரின் இடது மூலைக்கு அனுப்பினார். டாக்டர் ஓடிப்போய் அதைத் திருப்பி அடித்தபடியே “அவுட்!” என்று கத்தினார். அவர் அடித்த பந்து கோர்ட்டுக்குள்தான் விழுந்தது. சத்தம் கேட்டு வக்கீல் நின்றுவிட்டார்.

“என்னது அவுட்டா? கோட்டுலயே பட்டுச்சுய்யா!”

“பக்கத்துல நின்னு பாத்தவன் நான். அந்தக் கோடியில நின்னுக்கிட்டு நீ சொல்றியா?”

“முக்கியமான பாயிண்ட்ல மட்டும் உனக்கு எல்லாம் அவுட்டாத்தான் தெரியும்!”

கடைசி வார்த்தை சுட்டுவிட்டது. டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனிடம் திரும்பி, “தம்பி, நீ பாத்தியா?” என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவைத்துப் பார்த்தால், இருவருமே தவறு செய்திருப்பது தெரியும்.

முதலில் வக்கீல். டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். ஒரு பேஸ்லைனில் நிற்பவருக்கு எதிர் பேஸ்லைன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. வக்கீலின் உயரம் 175 சென்டிமீட்டர் என்றால், கண் ஏறக்குறைய 163 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து எதிர்க் கோட்டைப் பார்க்கும் பார்வை நடு வழியில் நெட்டைக் கடக்கும்போது அதில் பாதி உயரத்துக்கு, அதாவது 81 சென்டிமீட்டருக்கு, இறங்கிவிடுகிறது. நெட்டோ நடுவிலேயே 91 சென்டிமீட்டர்; ஓரங்களில் இன்னும் அதிகம். ஆக, வக்கீல் அந்தக் கோட்டை வலையின் கண்கள் வழியாகத்தான் பார்த்தார். அதுவும் மிகத் தாழ்ந்த கோணத்தில். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் அங்கிருந்து தெரியாது. தன் பக்கத்தில் விழும் பந்தை அந்தந்தப் பக்கத்து ஆட்டக்காரரே சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருப்பதன் நியாயம் இதுதான். இந்தப் பந்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை டாக்டருடையது.

அந்த உரிமை இருப்பதாலேயே டாக்டரின் கண் சரியென்று ஆகிவிடாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பேஸ்லைனின் அகலமோ அதிகபட்சம் 10 சென்டிமீட்டர். ஓடிக்கொண்டே, மட்டையை வீசிக்கொண்டே, பந்து தரையைத் தொட்ட கணத்தை மட்டும் பிரித்துப் பார்ப்பது கடினம். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. நகரும் பொருளை, அது போகும் திசையில் சற்றுத் தள்ளியே நம் மூளை காட்டுகிறது. டேவிட் விட்னி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2007 விம்பிள்டன் ஆட்டங்களின் பதிவுகளில் 4,000-க்கும் மேற்பட்ட பாயிண்டுகளைப் பார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கோட்டு நடுவர்கள் தவறிய இடங்கள் 83. அவற்றில் 70, உள்ளே விழுந்த பந்தை அவுட் என்று சொன்னவை. தவறு தற்செயலானதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்திருக்க வேண்டும். ஓடாமல், ஆடாமல், கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்ற பயிற்சி பெற்ற கண்களுக்கே இந்த நிலை.

ஆகவே டாக்டர் ஏமாற்றவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். கூடவே, சந்தேகம் வந்தால் பலன் எதிராளிக்கே என்ற விதியின் அருமையும் இங்கே புரிகிறது. பலர் அதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கண் எந்தப் பக்கம் தவறுமோ அதற்கு எதிர்ப்பக்கம் போடப்பட்ட எடைக்கல் அது. கோட்டின் ஓரத்தைப் பந்து இம்மி தொட்டாலும் உள்ளேதான். தெளிவாக வெளியே விழுந்ததைப் பார்த்தால் மட்டுமே அவுட். பார்க்கத் தவறினாலும் உள்ளேதான். ‘நான் கவனிக்கல, திரும்ப ஆடுவோம்’ என்று கேட்க முடியாது. பெஞ்சுப் பையனைக் கேட்பதும் கூடாது. அவன் எந்தக் கோணத்தில் இருந்தான், எதைப் பார்த்தான் என்பது யாருக்கும் தெரியாது.

ஆட்டத்துக்குத் திரும்புவோம். பையன் தோளைக் குலுக்கிவிட்டான். வக்கீல் நெட்டருகே வந்து குரலைத் தணித்தார்.

“சரி, அந்தப் பேச்ச விடு. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒண்ணு மட்டும் கேக்கறேன். உனக்கு நிச்சயமா அவுட்டா?”

அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் ஆட்ட நெறி அனுமதிக்கும் கேள்வி அது ஒன்றுதான். ‘ஆமாம், நிச்சயம்’ என்று பதில் வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. கேட்டவர் முணுமுணுக்காமல் அடுத்த பாயிண்டுக்குப் போக வேண்டும். போட்டியாக இருந்து மனம் ஒப்பவில்லை என்றால் ரெஃப்ரியைக் கூப்பிடலாம்.

டாக்டர் யோசித்தார். பந்துக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே பச்சைத் தரை தெரிந்ததா? நினைவுக்கு வரவில்லை.

“அவுட் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா இடைவெளியப் பாத்தேன்னு சொல்ல முடியலடா.”

“அப்ப?”

“அப்ப அது உள்ளதான். தப்பாச் சொல்லிட்டேன், ஸாரிடா.”

இனி பாயிண்ட் யாருக்கு? இங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு. அமெரிக்க நெறிப்படி, தவறாக அவுட் சொன்னவர் பாயிண்டை இழக்கிறார். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் நடைமுறைப்படி, அந்த ஆட்டத்தில் அது அவருடைய முதல் தவறு என்றால் பாயிண்டைத் திரும்ப ஆட வேண்டும். பந்து அவர் எட்ட முடியாத வெற்றி அடியாக இருந்தாலோ, முன்பே ஒருமுறை இப்படித் தவறியிருந்தாலோ பாயிண்ட் எதிராளிக்கு. டாக்டர் பந்தை எட்டித் திருப்பி அடித்திருக்கிறார். இது அவருக்கு முதல் தவறும்கூட. நண்பர்கள் சர்வதேச நடைமுறையை எடுத்துக்கொண்டார்கள். முழுப் பாயிண்டும் புதிதாகத் தொடங்குவதால் வக்கீலுக்கு முதல் சர்வும் மறுபடி கிடைத்தது. “30-40” என்று உரக்கச் சொல்லிவிட்டு அவர் பந்தைத் தூக்கிப் போட்டார். பாயிண்டை டாக்டரே ஜெயித்தார்.

பெரிய மேடையிலும் இது நடந்திருக்கிறது. 1982 பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதியின் மேட்ச் பாயிண்டில் ஹொசே லூயிஸ் க்ளெர்க் அடித்த பந்து அவுட் என்று அறிவிக்கப்பட்டது. ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட 17 வயது மாட்ஸ் விலாண்டர், பந்து உள்ளேதான் விழுந்தது, திரும்ப ஆடுவோம் என்றார். ஆடினார்கள், அதிலும் அவரே ஜெயித்து, பட்டத்தையும் வென்றார்.

அது களிமண் கோர்ட். அங்கே பந்தின் தடம் மண்ணில் பதியும். அவுட் சொன்னவரிடம் தடத்தைக் காட்டச் சொல்லலாம், நெட்டைத் தாண்டிப் போயும் பார்க்கலாம். தடத்தைக் காலால் அழித்தவர் அந்த வாதத்தை விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். சிமெண்ட் தரையில் தெரியும் கறையை அப்படி நம்ப முடியாது. அது முந்தைய பந்துடையதாகவும் இருக்கலாம்.

உங்கள் கிளப்பிலும் இந்தச் சண்டை வருகிறது என்றால், நாளைக் காலை டாஸ் போடும்போதே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: தவறாக அவுட் சொன்னால் பாயிண்டை விட்டுக்கொடுப்பதா, திரும்ப ஆடுவதா? 4-4 ஆன பிறகு அதைப் பேச ஆரம்பித்தால் பேசி முடியாது.