நண்பன் கல்யாணத்துக்குப் போகாதவன் அனுப்ப வேண்டிய செய்தி

நெருங்கிய நண்பனின் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனால், முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை. முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையின் போன் பெரும்பாலும் தம்பியிடமோ சித்தப்பா மகனிடமோ இருக்கும். அன்று நீளமாக எழுதினால் வாழ்த்துக் குவியலுக்குள் அது புதைந்துவிடும். அதற்காகப் பேசாமல் இருப்பதும் தவறு. “டேய், என்னால வந்து சேர முடியல, தப்பு என்மேலதான். நீ சந்தோஷமா இரு, அப்புறம் பேசுறேன்” என்ற அளவு போதும். மறுவீடெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த பிறகு முழுச் செய்தியை அனுப்பலாம்.

இடையில் பலர் செய்யும் காரியம், மொய்ப் பணத்தைப் போனிலேயே அனுப்பிவிடுவது. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் பணம் போய்ச் சேர்ந்தால், கணக்கைத் தீர்த்துவிட்ட மாதிரிதான் நண்பனுக்குத் தோன்றும். மொய் பிறகு நேரில் போகட்டும்.

முழுச் செய்தி இப்படி இருக்கலாம்:

“மச்சான், ஸாரிடா. பஸ் டிக்கெட்டைக் கடைசி வரைக்கும் போடாம விட்டுட்டேன். முகூர்த்த நாள், ஒரு சீட்டும் கிடைக்கல. முன்னாடியே போட்டிருக்கணும். மாப்பிள்ளை அழைப்புல உன் பக்கத்துல நிப்பேன்னு சொன்னவன் நான். அம்மா என்னைத் தேடுனாங்களாமே, அதுதான் ரொம்ப உறுத்துது. அவங்ககிட்ட நானே பேசுறேன். வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வாங்க. முடியலன்னா நான் அங்க வர்றேன்.”

காரணம் இதில் சுருக்கமாக முடிந்துவிடுகிறது. “வரலாம்னுதான் இருந்தேன், ஆனா…” என்று தொடங்கியிருந்தால் செய்தி முழுக்க பஸ் கதையாகிவிடும். அம்மா தேடியதைச் சொல்லும் இடம்தான் இதன் உயிர். தான் இல்லாத குறை அந்த மண்டபத்தில் எங்கே தெரிந்தது என்று எழுதியவன் யோசித்திருக்கிறான் என்பது அங்கே புரிகிறது. விருந்துக்கும் “ஒருநாள் பாக்கலாம்” என்று நழுவாமல் கிழமை சொல்லியிருக்கிறான். புதுமணத் தம்பதியை விருந்துக்கு அழைப்பது நம் வழக்கம் என்பதால் அது இயல்பாகவும் இருக்கிறது.

“நான்லாம் ஒரு ஃப்ரெண்டா” என்று தன்னையே திட்டி நாலு வரி எழுதுவது வேண்டாம். கல்யாணமான கையோடு அவனே உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். “கோவிச்சுக்காத” என்பதும் அவசரம்தான். கோபப்படுவதற்கு அவனுக்கு உரிமை உண்டு. நண்பர்கள் குழுவில் போடாமல், தனியாக அவனுக்கே அனுப்ப வேண்டும்.

பதிலைக் கவனியுங்கள். “வெக்கமா இல்லையாடா உனக்கு?” என்று பொரிந்து தள்ளினால் பாதி ஆறிவிட்டான் என்று அர்த்தம். எப்போதும் வாயாடுகிறவன் வெறுமனே “பரவாயில்லை” என்று நிறுத்தினால், மறுபடி டைப் செய்துகொண்டிருக்காமல் அன்றைக்கே போன் செய்துவிடுங்கள்.