பல் தேய்மானம்: மூன்று காரணங்களும் அவற்றின் தடங்களும்

குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறது என்று மருத்துவரிடம் செல்கிறவர்களில் பலர், "பல் தேய்ந்துவிட்டது" என்ற ஒரே வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு, வயதானால் இப்படித்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். பல்லை மூடியிருக்கும் எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருளாயினும், பல் முளைத்து வெளியே வந்தபின் அதை மறுபடி உண்டாக்கும் உயிரணுக்கள் இல்லாமையால், ஒருமுறை இழந்த எனாமல் இழந்ததுதான். ஆகையால், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்டிலும் எதனால் தேய்ந்தது என்ற கேள்விக்கே முதலிடம் தரவேண்டும். அந்தக் காரணம் நீங்காதவரையில் தேய்மானமும் நிற்காது.

சொத்தையைத் தவிர்த்துப் பார்த்தால், பல்லின் தேய்மானத்துக்குப் பிரதான காரணங்கள் மூன்று. பல்லும் பல்லும் ஒன்றோடொன்று உராய்வதால் வருவது உரசல் தேய்வு. மருத்துவர்கள் இதை அட்ரிஷன் என்பார்கள். பிரஷ், பற்பொடி, பல்லிடுக்கில் கடித்துப்பிடிக்கும் குண்டூசி போன்ற அந்நிய வஸ்துக்கள் தேய்ப்பதால் வருவது அப்ரேஷன் எனப்படும் சிராய்ப்புத் தேய்வு. உணவிலிருந்தோ இரைப்பையிலிருந்தோ வரும் அமிலம் நேரடியாகக் கரைப்பதால் வருவது எரோஷன் எனப்படும் அமில அரிப்பு. சொத்தையிலும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்றாலும், அங்கே அதை உண்டாக்குபவை வாயிலுள்ள கிருமிகள்; இங்கே கிருமிகளுக்குச் சம்பந்தமில்லை. இம்மூன்றும் தத்தமக்குரிய இடத்தையும் வடிவத்தையும் பல்லின்மேல் பதித்துச் செல்வதால், அந்தத் தடத்தைக் கொண்டே காரணத்தைக் கண்டறிய இயலுகிறது.

உரசல் தேய்வு இருப்பது பல்லும் பல்லும் சந்திக்கும் இடங்களில் மட்டுமே. முன்பற்களின் வெட்டுமுனைகளும் கடைவாய்ப் பற்களின் மேடுகளும் தட்டையாகவும் பளபளப்பாகவும், கூரிய விளிம்போடும் அமைந்திருக்கும். மேற்பல்லில் ஒரு தட்டையான தளம் தெரிந்தால், தாடையைச் சிறிது பக்கவாட்டில் நகர்த்தும்போது அதனோடு கச்சிதமாகப் பொருந்தும் இன்னொரு தளம் கீழ்ப்பல்லில் இருந்தே தீரும். தூக்கத்தில் பற்களை நறநறவென்று கடிப்பவர்களிடம் இதை மிகுதியாகக் காணலாம்.

சிராய்ப்புத் தேய்வு பெரும்பாலும் பற்களின் வெளிப்புறத்தில், ஈறோடு ஒட்டிய கழுத்துப் பகுதியில், ஆப்பு வடிவப் பள்ளமாக விழுகிறது. பல் வரிசையின் வளைவில் முன்தள்ளி நிற்பவை கோரைப்பற்களும் அவற்றையடுத்த சிறு கடைவாய்ப் பற்களுமே என்பதால், பிரஷின் முழுப் பலமும் அவற்றின்மேலேயே படுகிறது. வலக்கையால் குறுக்கே இழுத்துத் தேய்ப்பவருக்கு இடப்பக்கத்துப் பற்களில் இப்பள்ளம் அதிக ஆழமாக இருப்பதும் உண்டு. உமிக்கரியும் செங்கல் தூளும் கொரகொரப்பான பற்பொடிகளும் இந்தத் தேய்வைத் துரிதப்படுத்துகின்றன.

அமில அரிப்போ இவ்விரண்டுக்கும் மாறான சுபாவமுடையது. அமிலம் திரவமாதலால், பிரஷும் எதிர்ப்பல்லும் தொட முடியாத இடங்களுக்கும் அது செல்லும். அரிக்கப்பட்ட பல் தன் இயல்பான நுண்வரிகளையெல்லாம் இழந்து, மெழுகு பூசினாற்போல் வழவழப்பாகிவிடும். கடைவாய்ப் பற்களின் மேட்டு நுனிகளில் சிறு கிண்ணம் போன்ற குழிகள் விழும். ஈறோரத்தில் ஊறும் திரவம் அமிலத்தை ஓரளவு அடக்குவதால், அங்கே மட்டும் எனாமலின் மெல்லிய பட்டை ஒன்று மிஞ்சி நிற்கும். பழைய பல்லடைப்பு இருந்தால் அதுவே தெளிவான சாட்சியாகும்: உரசல் தேய்வில் அடைப்பும் பல்லும் ஒரே மட்டமாகத் தேய்ந்திருக்கும், அமில அரிப்பிலோ, கரையிலுள்ள மண் கரைந்துபோனபின் பாறை தனித்து நிற்பதுபோல, அடைப்பு மட்டும் பல்லின் மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும். அமிலம் வந்த திசையையும் இடமே காட்டிவிடுகிறது. மேல்முன்பற்களின் வெளிப்புறம் கரைந்திருந்தால் எலுமிச்சைச் சாறு, சோடா பானங்கள் போன்றவற்றின்மேல் சந்தேகம் செல்லும். உட்புறம் கரைந்து, நாக்கு மறைத்துக் காக்கும் கீழ்முன்பற்கள் மட்டும் தப்பியிருந்தால், இரைப்பையிலிருந்து மேலேறிவரும் அமிலத்தையோ அடிக்கடி நேரும் வாந்தியையோ சந்தேகிக்க வேண்டும்.

உதாரணமாக, பற்கூச்சத்தோடு வரும் 45 வயது ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைவாய்ப் பற்களின் மேடுகள் குறைந்திருப்பதைக் கண்டு, இவர் இரவில் பல் கடிக்கிறார் என்று அவசரமாகத் தீர்மானித்து, தூங்கும்போது அணியும் பற்கவசம் ஒன்றைச் செய்து கொடுத்துவிடுவது எளிது. நிதானமாகப் பார்ப்பவரோ, மேற்பற்கள், கீழ்ப்பற்கள் இரண்டின் அச்சையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார். மேடுகளில் விழுந்திருக்கும் குழியின் அடியை எதிர்ப்பல்லின் மேடு தொடவேயில்லை. தொடாத இடத்தைப் பல் எவ்வாறு தேய்த்திருக்க முடியும்? வெள்ளி அடைப்பு ஒன்று துருத்தி நிற்கிறது. மேல்முன்பற்களின் உட்புறம் வழவழப்பாகி, உள்ளிருக்கும் டென்டினின் மஞ்சள் நிறம் தெரிகிறது. இடப்பக்கத்துக் கோரைப்பல்லின் கழுத்திலோ ஆப்பு வடிவப் பள்ளம். பின்னர் விசாரித்தால், இரவு தாமதமாக உண்டு உடனே படுப்பதும், விடியலில் வாயெல்லாம் புளித்திருப்பதும், அந்தப் புளிப்புப் போகவேண்டுமென்று எழுந்தவுடனே அழுத்தித் தேய்ப்பதும் வெளிவருகின்றன. அமிலம் இளக்கிவைத்த மேற்பரப்பைப் பிரஷ் வாரிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு காரணங்கள் கைகோத்துச் செய்த வேலை இது. ஒரே வாயில் இவ்வாறு காரணங்கள் கலந்திருப்பது சகஜமானதால், ஒரு தடத்தைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

இவருக்கு வேண்டிய சிகிச்சை, எதுக்களிப்புக்காகப் பொது மருத்துவரைப் பார்ப்பதில் தொடங்குகிறது. வாய் புளித்தவுடன் வெறும் நீரால் கொப்பளித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, மிருதுவான பிரஷாலும் புளோரைடு கலந்த பற்பசையாலும் அழுத்தாமல் துலக்கவேண்டும். பள்ளத்தை அடைப்பது அதற்குப் பின்னரே. பழக்கம் மாறாமல் அடைத்தால், அடைப்பைச் சுற்றியுள்ள பல் தொடர்ந்து குறைந்துகொண்டே போகும். முன்சொன்ன பற்கவசமோ, மேலேறிவரும் அமிலத்தைத் தன் உட்புறத்தில் தேக்கிவைத்து, இரவு முழுவதும் பல்லோடு ஒட்டவைக்கும் அபாயமுடையது. உரசல் தேய்வுக்கு நன்மை செய்யும் சாதனமே அமில அரிப்பில் தீங்காகக்கூடும் என்பதால்தான், காரணத்தைப் பிரித்தறிவது இத்தனை அவசியமாகிறது.

நோயாளியின் உரிமையும் இங்கேதான் பிரயோஜனப்படுகிறது. சிகிச்சைக்கு முன் அதன் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றை எடுத்துரைத்துப் பெறும் சம்மதமே முறையான சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே பல் தேய்ந்திருக்கிறது என்று கேட்டவுடன், "எந்த வகைத் தேய்மானம், எந்தத் தடத்தைக் கொண்டு சொல்கிறீர்கள், எனக்குக் கண்ணாடியில் காட்டுங்கள்" என்று கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. நெஞ்செரிச்சல், உட்கொள்ளும் மருந்துகள், குடிக்கும் பானங்கள் ஆகியவற்றை மறைக்காமல் சொல்வது நம்முடைய பங்கு. பற்களின் புகைப்படமோ அச்சோ எடுத்துப் பத்திரப்படுத்தச் சொன்னால், ஓராண்டு கழித்து அதனோடு ஒப்பிட்டு, தேய்மானம் நின்றதா தொடர்கிறதா என்று அறியலாம். தொடர்கிறதென்றால், காரணங்களில் ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றே கொண்டு, பரிசோதனையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.