ஒரே மதிப்பெண், மூன்று ரேங்க்

கல்லூரி வகுப்பு ஒன்றில் கயல், முகில் என்று இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாடத்துக்கு நான்கு விதமாக மதிப்பெண் போடுகிறார்கள். ஒப்படைப்புக்கு 20, முதல் தேர்வுக்கு 50, செய்முறைக்கு 40, இறுதித் தேர்வுக்கு 75. கயல் வாங்கியது 18, 32, 36, 48. முகில் வாங்கியது 12, 40, 24, 57. இருவரில் யார் முன்னால்?

கூட்டிப் பார்த்தால் கயலுக்கு 134, முகிலுக்கு 133. கயல்தான் முன்னால் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்தப் பாடத்தில் ஒப்படைப்புக்கு 10 சதவீதம், முதல் தேர்வுக்கு 20, செய்முறைக்கு 20, இறுதித் தேர்வுக்கு 50 என்று வெயிட்டேஜ் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கிறது. வெறுமனே கூட்டினால் அந்த அறிவிப்புக்கு மதிப்பில்லாமல் போகிறது. மொத்தம் 185-இல் இறுதித் தேர்வின் பங்கு 75, அதாவது ஏறக்குறைய 40 சதவீதம்தான். 20 சதவீதம் என்று சொன்ன முதல் தேர்வோ 27 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வினாத்தாளை எத்தனை மதிப்பெண்ணுக்கு அச்சடித்தார்களோ அதுவே வெயிட்டேஜாக ஆகிவிடுகிறது.

சரியான வழி, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதற்கான முழு மதிப்பெண்ணால் வகுத்து, வெயிட்டேஜால் பெருக்கி, அதன் பிறகு கூட்டுவது. கயலுக்கு 9, 12.8, 18, 32, மொத்தம் 71.8. முகிலுக்கு 6, 16, 12, 38, மொத்தம் 72. இப்போது முகில் முன்னால். இதையே முழு எண்ணாக்கினால் இருவருக்கும் 72, ஒரே ரேங்க். விடைத்தாளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கணக்குப் போட்ட விதம்தான் மாறியது.

இதை எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ செய்வது எளிது. முதல் வரிசையில் தலைப்புகள், இரண்டாவது வரிசையில் முழு மதிப்பெண்கள், மூன்றாவதில் வெயிட்டேஜ். நான்காவது வரிசையிலிருந்து மாணவர்கள். C முதல் F வரை நான்கு மதிப்பெண்கள் என்றால் G4 கட்டத்தில் எழுத வேண்டியது இது:

```
=ROUND(SUMPRODUCT(C4:F4/C$2:F$2,C$3:F$3),2)
```

வெயிட்டேஜை 10, 20, 20, 50 என்று எண்ணாகவே போட வேண்டும். நான்கும் சேர்ந்து 100 வருகிறதா என்று பக்கத்திலேயே ஒரு கட்டத்தில் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. டாலர் குறி இருப்பதால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது இரண்டாவது, மூன்றாவது வரிசைகள் நகராமல் நிற்கும். கடைசியில் இரண்டு தசமத்துக்கு ROUND போடுவதற்கும் காரணம் உண்டு. கணினி பின்ன எண்களை இரும எண்ணாக வைத்திருப்பதால், நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு 71.8-கள் உள்ளே நுனியளவு வேறுபடலாம். அப்படி வேறுபட்டால் சமமாக வந்திருக்க வேண்டிய இருவர் காரணமே இல்லாமல் முன்னும் பின்னுமாகப் பிரிவார்கள்.

இந்த அட்டவணையில் அதிகம் ஏமாற்றுவது வெற்றுக் கட்டம். கயல் முதல் தேர்வுக்கு வரவில்லை என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், மேலே உள்ள சூத்திரம் அதைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். 71.8 என்பது 59 ஆகிவிடும். மாறாக, ‘AB’ என்று எழுதினால் #VALUE! என்ற பிழை வரும். பலர் இதைப் பார்த்து எரிச்சல்பட்டு, ‘AB’யை அழித்துவிட்டு நகர்கிறார்கள். உண்மையில் அந்தப் பிழைதான் உபகாரம் செய்கிறது. இந்த மாணவியை என்ன செய்வதென்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதை அது சொல்கிறது.

முடிவு இரண்டில் ஒன்றுதான். காரணமில்லாமல் வராதவர் என்றால் 0 என்று எழுதியே போட வேண்டும். மருத்துவ விடுப்பு என்று கல்லூரி ஒப்புக்கொண்டிருந்தால், வெற்றுக் கட்டமாக விட்டு, எழுதிய பகுதிகளின் வெயிட்டேஜால் மட்டும் வகுக்க வேண்டும்:

```
=ROUND(100*SUMPRODUCT(C4:F4/C$2:F$2,C$3:F$3)
 /SUMPRODUCT((C4:F4<>"")*C$3:F$3),2)
```

கயலுக்கு அப்போது 80-க்கு 59, அதாவது 73.75. கவனியுங்கள், தேர்வு எழுதி வாங்கிய 71.8-ஐ விட இது அதிகம். அவர் சுமாராகச் செய்த தேர்வு கணக்கிலேயே இல்லாமல் போனதால் வந்த லாபம். கணக்கில் தவறில்லை, ஆனாலும் வகுப்பில் முணுமுணுப்பு எழத்தான் செய்யும். மறுதேர்வு வைப்பது இதைவிட நேர்மையானது என்பது என் கருத்து.

அடுத்து கிரேடு. பல கல்லூரிகளின் விதிகளில் 81 முதல் 90 வரை ஏ பிளஸ், 91 முதல் 100 வரை ஓ என்று அச்சிட்டிருப்பார்கள். 90.6 வாங்கியவர் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் விழுகிறார். கணினிக்குச் சந்து தெரியாது. VLOOKUP சூத்திரத்தில் கீழ் எல்லைகளை மட்டும் (0, 50, 56, 61, 71, 81, 91 என்று ஏறுவரிசையில்) கொடுத்தால், அது 90.6-ஐ ஏ பிளஸில் தள்ளிவிடும். முழு எண்ணாக்கிவிட்டுத் தேடினால் ஓ கிடைக்கும். விதியே முழு எண்ணில் எழுதப்பட்டிருப்பதால், கிரேடுக்கு மட்டும் முழு எண்ணாக்கிக்கொள்வதுதான் பொருந்தும். ரேங்க் இரண்டு தசமத்திலேயே இருக்கட்டும். இதனால் முரண்பாடு எதுவும் வராது. முன்னால் இருப்பவரின் கிரேடு ஒருபோதும் பின்னால் இருப்பவருடையதைவிடக் குறையாது.

மொத்தத்தை மட்டும் பார்த்துத் தேர்ச்சி போடுவதும் ஆபத்து. தமிழ்நாட்டின் பிளஸ் டூ அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தம் 35 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 வேண்டும். அகமதிப்பீட்டிலும் செய்முறையிலும் முழுதாக 30 வாங்கி, எழுத்தில் 14 மட்டும் எடுத்தவரின் மொத்தம் 44; அவர் தேர்ச்சி பெறவில்லை. இப்படிப்பட்ட நிபந்தனை இருந்தால் கிரேடுக்கு முன்னால் அதற்கென்று தனிப் பத்தி வேண்டும்.

ரேங்குக்கு 40 பேர் உள்ள வகுப்பில் எழுதுவது இவ்வளவுதான்:

```
=RANK.EQ(G4,G$4:G$43)
```

இங்கே டாலரை மறந்தால் ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே இருப்பவர்களோடு மட்டும் ஒப்பிடப்படும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: பட்டியலின் கடைசி மாணவர் முதல் ரேங்க் என்று வந்து நிற்பார். கடைசிப் பெயர்க்காரர் நன்றாகப் படிப்பவராகவே இருந்துவிட்டால் இது கண்ணில் படாது. கடைசிக் கட்டத்தின் சூத்திரத்தைத் திறந்து, எல்லை அங்கேயும் G4-இலிருந்தே தொடங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாம் இடத்தில் இருவர் சமமாக வந்தால் RANK.EQ இருவருக்கும் 2 கொடுத்து, அடுத்தவருக்கு 4 கொடுக்கும். மூன்றாம் ரேங்க் யாருக்குமில்லை. பரிசு மூன்று பேருக்கு என்று அறிவித்திருந்தால் இதை முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

மேலே கண்டதுபோல 0.2 வித்தியாசத்தில், கூட்டும் முறையை மாற்றினாலே இடம் மாறுகிற இருவரை முதலாமவர், இரண்டாமவர் என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் நிறுத்திவிட்டது. வகுப்பறைகளில் அது இன்னும் தொடர்கிறது. தொடர்கிற இடத்தில் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கலாம்: பட்டியலை ஒட்டும்போது மேலே உள்ள முழு மதிப்பெண், வெயிட்டேஜ் வரிசைகளை மறைத்துவிடாமல் ஒட்டுங்கள். மாணவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கட்டும்.