பாதியில் நின்ற ஆட்டமும் கட்டிய பணமும்

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ன்மவுத்தில் பிரீமியர் லீக் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே லூட்டன் டவுனுக்காக எலைஜா அடெபாயோ கோல் போட்டார். இடைவேளைவரை அந்த ஒரு கோல்தான். 58ஆவது நிமிடத்தில் போர்ன்மவுத்தின் டொமினிக் சொலான்கி அதைச் சமன் செய்தார். அடுத்த நிமிடமே லூட்டன் கேப்டன் டாம் லாக்யர், இதயத் துடிப்பு நின்று, யாரும் மோதாமல் தரையில் சரிந்தார். மருத்துவக் குழு ஓடிவந்து அவர் உயிரைக் காப்பாற்றியது. ஆட்டம் 1-1 என்ற நிலையில் கைவிடப்பட்டது.

அந்த நேரத்தில் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆட்டத்தின் மேல் ஏராளமானோர் பந்தயம் கட்டியிருந்தார்கள். பிரிட்டனில் அது சட்டப்படியான தொழில். கட்டிய பணம் திரும்பியதா, போனதா?

எல்லாமே திரும்பியிருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலான பந்தய நிறுவனங்களின் விதி அப்படியில்லை. ஆட்டம் நின்ற நொடியில் எந்தக் கேள்விக்கு விடை உறுதியாகிவிட்டதோ, அந்தப் பந்தயம் செல்லும். மீதி எத்தனை நிமிடம் ஆடினாலும் மாறியிருக்க முடியாத விடையாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். விடை தெரியாத கேள்விகளுக்கு மட்டுமே பணம் திரும்பும்.

இதைப் போர்ன்மவுத் ஆட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 'யார் வெல்வார்' என்று கட்டியவர்களுக்குப் பணம் வாபஸ், ஏனெனில் இன்னும் அரை மணி நேர ஆட்டம் பாக்கி இருந்தது. '1-1இல் முடியும்' என்று கட்டியவருக்கும் வாபஸ்தான். பலகையில் 1-1 என்று இருந்தாலும் ஆட்டம் 'முடியவில்லையே'. ஆனால் 'இடைவேளையில் லூட்டன் முன்னிலை' என்று கட்டியவர் ஜெயித்துவிட்டார். 'இரு அணிகளும் கோல் போடும்' என்றவரும் ஜெயித்தார். 'முதல் கோல் அடெபாயோ' என்றவருக்கும் பணம் உண்டு.

வயிற்றெரிச்சல் கிளம்பும் இடம் இதன் மறுபக்கம். 'முதல் கோல் சொலான்கி' என்று கட்டியவர் தோற்றுவிட்டார். 'இரு அணிகளும் கோல் போடாது' என்றவரும், 'மொத்தம் இரண்டு கோலுக்குக் குறைவு' என்றவரும் அப்படியே. ஆட்டமே நடக்கவில்லை என்று லீக் சொல்லும்போது என் பணம் மட்டும் எப்படிப் போகும் என்று இவர்கள் கேட்டால், உங்கள் கேள்விக்கான விடை 58ஆவது நிமிடத்துக்குள் வந்துவிட்டது என்பதே பதில். தர்க்கப்படி சரி. ஆனாலும் சில நிறுவனங்கள் ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் பந்தயம் எல்லாமே செல்லாது என்று விதி வைத்திருக்கின்றன. எனவே ஒரே பந்தயத்துக்கு ஒரு நிறுவனத்தில் பணம் திரும்பலாம், இன்னொன்றில் போய்விடலாம்.

அந்த ஆட்டத்தைப் பிரீமியர் லீக் 2024 மார்ச் 13 அன்று முதல் நிமிடத்திலிருந்து மறுபடி நடத்தியது. லூட்டன் இடைவேளையில் 3-0 என்று முன்னிலை பெற்று, கடைசியில் 4-3 என்று தோற்றது. டிசம்பரில் போட்ட கோல்கள் அதிகாரபூர்வக் கணக்கில் சேரவில்லை. ஆனால் அந்தக் கோல்களுக்குப் புக்கிகள் கொடுத்த பணம் கொடுத்ததுதான். டிசம்பரில் 'போர்ன்மவுத் வெல்லும்' என்று கட்டியவருக்கும் மார்ச் வெற்றியால் ஒரு பைசா கிடையாது. அவர் பந்தயம் எப்போதோ செல்லாததாகிவிட்டது.

லீக்கின் கடிகாரம் வேறு, புக்கியின் கடிகாரம் வேறு என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற குழப்பங்கள் பாதி தீர்ந்துவிடும். புக்கிக்கு ஒரு கெடு உண்டு. சில நிறுவனங்களில் அதே நாள் இரவுக்குள், சிலவற்றில் 24 மணி நேரம், சிலவற்றில் 48 அல்லது அதற்கும் மேல். அதற்குள் ஆட்டம் நடந்து முடிந்தால் பந்தயம் நிற்கும். தாண்டினால் கணக்கில் `Void` என்று விழுந்து பணம் திரும்பும். 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணி இறந்ததையொட்டி அந்த வார இறுதி ஆட்டங்கள் அனைத்தும் ஒத்திவைக்கப்பட்டபோது பிரச்சினையே எழவில்லை. பந்தே உதைபடவில்லை, புதிய தேதிகளும் வெகுதூரத்தில் இருந்தன.

இடைநிறுத்தத்தில்தான் சிக்கல். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மயங்கி விழுந்தபோது யூரோ கோப்பை ஆட்டம் நின்றது. அன்றிரவே தொடர்ந்து ஆடி ஃபின்லாந்து 1-0 என்று வென்றது. கெடுவுக்குள் முடிந்ததால் பந்தயங்கள் நின்றன. டென்மார்க் மேல் கட்டியவர்கள், அதிர்ச்சியில் இருந்த அணி ஆடிய ஆட்டம் என்று சொல்லிப் பணம் கேட்க முடியாது.

2024 ஏப்ரல் 14 அன்று உதினேசே–ரோமா ஆட்டம் 72ஆவது நிமிடத்தில் இதேபோல் நின்றது. ரோமாவின் எவான் என்டிக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதும் 1-1. இங்கிலாந்தைப் போல இத்தாலியில் முதலிலிருந்து ஆடவில்லை. ஏப்ரல் 25 அன்று விட்ட நிமிடத்திலிருந்து மிச்சத்தை ஆடினார்கள். கூடுதல் நேரத்தில் கிறிஸ்டான்டே கோல் போட்டு ரோமா 2-1 என்று வென்றது. லீக் கணக்கில் அது ஒரே ஆட்டம். ஆனால் 48 மணி நேரக் கெடு வைத்த நிறுவனத்தில் ரோமாமேல் கட்டியவருக்கு அசல்தான் திரும்பும், வெற்றிப் பணம் கிடையாது.

லீக் சொல்லும்வரை புக்கி ஏன் காத்திருப்பதில்லை என்பதற்கு 2014 அக்டோபரில் பெல்கிரேடில் நடந்த செர்பியா–அல்பேனியா ஆட்டம் நல்ல உதாரணம். கொடி தொங்கவிட்ட ட்ரோன் ஒன்று மைதானத்துக்குள் பறந்துவர, அடிதடியாகி, 0-0 என்ற நிலையில் ஆட்டம் கைவிடப்பட்டது. யூஇஎஃப்ஏ முதலில் செர்பியாவுக்கு 3-0 வெற்றி என்றது. மறு ஆண்டு ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை மாற்றி அல்பேனியாவுக்கு 3-0 என்றது. மேசையில் எழுதும் இத்தகைய தீர்ப்புகளுக்குப் பந்தயத்தில் இடமில்லை என்று விதிப்புத்தகங்கள் சொல்கின்றன. இல்லையென்றால் ஒன்பது மாதம் கழித்து யாரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்குவது?

பல ஆட்டங்களைக் கோத்துக் கட்டும் அக்யுமுலேட்டரில் ஒரு ஆட்டம் செல்லாமல் போனால் முழுப் பணமும் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஆட்டத்தின் ஆட்ஸ் 1 ஆகிவிடும், மற்றவை தொடரும். 1.80, 2.10, 1.60 என்ற மூன்று ஆட்டங்களின் மேல் 10 பவுண்டு கட்டினால், மூன்றும் பலித்தால் 60.48 பவுண்டு கிடைக்கும். 2.10 ஆட்டம் மழையில் நின்றுபோனால் 10 × 1.80 × 1.60, அதாவது 28.80. மீதி இரண்டில் ஒன்று தோற்றாலும் பத்து பவுண்டும் போச்சு. மழையைக் காட்டி அதைத் திரும்பக் கேட்க முடியாது.

கணக்குத் தீர்த்தது தவறு என்று பட்டால் பிரிட்டனில் முதலில் நிறுவனத்திடமே புகார் செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால் ஐபாஸ் போன்ற சுயேச்சைத் தீர்ப்பு அமைப்பிடம் இலவசமாகப் போகலாம். அவர்களும் பந்தயம் கட்டிய நாளில் நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் என்ன இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே ரசீதோடு அந்த விதிப் பக்கத்தையும் படமெடுத்து வைத்திருப்பவருக்கே வாதம் சுலபம். இந்தியாவில் இந்த வழி கிடையாது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் தடை செய்துவிட்டது. வெளிநாட்டுத் தளம் ஒன்று பணத்தை விழுங்கிவிட்டால், இங்கிருந்து கட்டியவர் போய்க் கேட்க இடமில்லை.